நான்காம் பக்கத்தைப் படித்த மனிதர்

கடன் கேட்டுப் போனால் கடன் அதிகாரி சிரிக்கக் கூடாது. கொடுக்கிற எண்ணம் உள்ளவர் முறைப்பார், நூறு கேள்வி கேட்பார், சம்பளச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். என் எதிரில் இருந்தவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் வேணுமா என்று கேட்டுச் சிரித்தார். அப்போதே எழுந்து வந்திருக்கலாம்.

"மேடம், உங்க வேலை ஓகே, சம்பளம் ஓகே, கைக்காசும் நாலு லட்சம் வச்சிருக்கீங்க. ஆனா உங்க பேர்ல ஒரு கடன் ஏழு மாசமா கட்டாம நிக்குதே?"

"என் பேர்லயா? நான் கடன் வாங்கினதே இல்லையே."

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். கூட்டுறவுக் கடன் சங்கம், அச்சு இயந்திரக் கடன், ஆறு லட்சம். என் பெயருக்குப் பக்கத்தில் ஒரே சொல்: ஜாமீன்தாரர்.

"நீங்க வாங்கலை மேடம். ஆனா நீங்க ஜாமீன் போட்ட கடன் நின்னா உங்க ரெக்கார்டுலயும் அது நிக்கும். அதை முடிச்சிட்டு வாங்க, பார்க்கலாம்."

பார்க்கலாமாம். நாங்கள் குடியிருக்கும் வீட்டை நானே வாங்கிக்கொள்ள, வீட்டுச் சொந்தக்காரர் எனக்குக் கொடுத்திருந்த கெடுவில் இரண்டு மாதம்தான் மிச்சம்.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினொரு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். என் கணவருக்கு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகு, அந்த வீட்டின் கதவு நிலைகளை இடித்து அகலமாக்கினேன், வாசற்படியைச் சரிவாக்கினேன், குளியலறையில் கைப்பிடி வைத்தேன். எல்லாம் என் செலவு. வேறொருவர் வீட்டுக்கு இப்படிச் செலவு செய்கிறவளைப் பைத்தியம் என்பார்கள். ஆனால் அந்த வீட்டுக்குள் அவர் யாரையும் கூப்பிடாமல் எழுந்து, குளித்து, சமைத்து, தட்டச்சு வேலை செய்து சம்பாதிக்கிறார். வெளியே போனால் ஒரு படி ஏறவே இரண்டு ஆள் வேண்டும். வீட்டுக்காரர் வெளியூரில் மகனிடம் போகப் போவதால் விற்கிறார். "உனக்குத்தான் முதல்ல சொல்றேன், மூணு மாசம் தர்றேன்" என்றார். அந்த வீடு கைவிட்டுப் போனால் என் கணவர் மறுபடி அடுத்தவர் தூக்கி இறக்குகிற ஆளாகிவிடுவார். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான், அது நடக்கக் கூடாது.

ஜாமீன் கதைக்கு வருகிறேன். கதாநாயகர் என் அக்கா வீட்டுக்காரர், என் அத்தான். விபத்து நடந்த அன்று என் கணவரைத் தன் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு பயணத்துக்கு அவர் இன்று வரை வசூலிக்கிற வாடகை கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட, "அன்னைக்கு நான் மட்டும் அந்த ரோட்டுல வரலைன்னா" என்றுதான் முதல் கவளத்தை எடுப்பார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி மருந்தகத்துக்கு வந்தார். கையில் ஒரு கோப்பு. பேனர் அடிக்கிற மெஷின் வாங்கப் போகிறாராம், நிலையான சம்பளக்காரர் ஒருவர் கையெழுத்து வேண்டுமாம்.

"சும்மா ஒரு கையெழுத்துதாம்மா. இன்னார் நல்லவர்னு சொல்ற மாதிரி. எல்லாம் நானே நிரப்பிட்டேன், உனக்கு ஏன் சிரமம்?"

வரிசையில் இருபது பேர் நின்றார்கள். நான் மாத்திரை எண்ணுகிற கையாலேயே பேனாவை வாங்கி, அவர் விரல் வைத்துக் காட்டிய ஆறு இடத்திலும் போட்டுத் தள்ளினேன். அடுத்த நிமிடமே வரிசையில் நின்ற ஒரு பெரியவரைப் பிடித்து, "மாத்திரை அட்டையில என்ன எழுதியிருக்குன்னு படிக்காம எப்படி முழுங்குனீங்க, எழுத்து பொடிசா இருந்தா கேக்கக் கூடாதா?" என்று சத்தம் போட்டேன். எனக்கு இருக்கிற வாய்க்கு, மூளை கொஞ்சம் கூடக் கொடுத்திருக்கலாம்.

வங்கியில் விஷயம் தெரிந்த மறுநாள் லீவு போட்டுச் சங்கத்துக்குப் போனேன். மேலாளருக்கு ஊரில் பொறுமை என்று பெயர். யார் என்ன கேட்டாலும் "பொறுமையா இருங்க" என்பார், கடனைத் திருப்பிக் கேட்கிறபோது மட்டும் அந்தச் சொல் மறந்துவிடும்.

"வாங்கினது அவரு. மெஷின் அவருது. அவர்கிட்ட கேக்காம என் பேரை எதுக்குக் கெடுத்தீங்க?"

"பொறுமையா இருங்க. கடன் வாங்கினவரைத் துரத்தி முடிச்ச பிறகுதான் ஜாமீன்தாரர்கிட்ட வரணும்னு ஒண்ணும் இல்லைங்க. எங்களுக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். அசல், வட்டி, அபராத வட்டி, எது அவர் கட்டணுமோ அது அத்தனையும் நீங்களும் கட்டணும். யார்கிட்ட வசூல் சுலபமோ அவங்ககிட்ட போவோம். அவருக்குச் சம்பளம் இல்ல, உங்களுக்கு இருக்கு."

"ஒரு கடுதாசிகூடப் போடலையே?"

"மூணு நோட்டீஸ் போயிருக்கு." கோப்பைப் பிரித்துக் காட்டினார். என் பெயருக்குக் கீழே என் முகவரி என்று அத்தானின் கடை முகவரி இருந்தது. தொலைபேசி எண்ணும் அவருடையது. எனக்குச் சிரமம் வேண்டாம் என்று நிரப்பிக் கொடுத்தாரே, இதுதான் அந்த உபகாரம். சங்கம் என்னை மூன்று முறை எச்சரித்திருக்கிறது, மூன்று முறையும் அத்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னொண்ணு" என்றார் பொறுமை. "சம்பளத்துல பிடிச்சுத் தரலாம்னும் நீங்க கடிதம் குடுத்திருக்கீங்க. அடுத்த மாசத்துல இருந்து உங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போறோம். வட்டியோட இன்னைக்கு நாலரை லட்சம் நிக்குது."

அங்கிருந்து நேராக அத்தான் கடைக்குப் போனேன். வாசலில் ஒரு கார் நின்றது. பழைய காருக்குப் புதுப் பெயிண்ட், முன்கண்ணாடியில் ஜிகினா. உள்ளே பேனர் மெஷின் இருந்த இடத்தில் சோபா போட்டிருந்தார். அதில் அவர் சாய்ந்திருந்தார்.

"மெஷின் எங்க அத்தான்?"

"அது சின்ன மெஷின்மா. வித்துட்டேன். பெரிசு வாங்கலாம்னு இருக்கேன்."

"வித்த காசு?"

அவர் பார்வை தானாக வாசல் பக்கம் போனது. பாவம், பார்வைக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "தொழில்னா ஒரு தோரணை வேணும். நடந்து போறவனுக்கு எவன் ஆர்டர் குடுப்பான்? நீ பயப்படாதே. இப்போதைக்கு நீ கட்டிடு, நான் மெதுவா திருப்பிடறேன். குடும்பத்துக்குள்ள என்ன கணக்கு? அன்னைக்கு நான் மட்டும் அந்த ரோட்டுல வரலைன்னா..."

"அந்த ரோட்டுல நீங்க வந்ததுக்கு இன்னும் எத்தனை லட்சம் பாக்கி, சொல்லுங்க. மொத்தமா கட்டிடறேன்."

உள்ளேயிருந்து அக்கா வந்தாள். எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று நினைத்தேன். பேசினாள்.

"அவர் கையைப் பிடிச்சா போட வச்சாரு? நீ படிச்சவ. போட்டது நீ. இப்ப வந்து வாசல்ல நின்னு கத்துனா, நாலு பேர் பார்த்தா அவர் மானம் என்ன ஆகும்?"

மானத்துக்குத்தான் கார் வாங்கி நிறுத்தியிருக்கிறாரே என்று கேட்க வாய் வந்தது. கேட்டும் விட்டேன். அதோடு அக்கா என்னோடு பேச்சை நிறுத்தினாள்.

இந்த இடத்தில் அழுது தீர்ப்பதுதான் முறை. நான் ஆத்திரக்காரி, அதனால் அழவில்லை. மறுநாள் சங்கத்துக்குப் போய், நான் கையெழுத்துப் போட்டதன் நகல் வேண்டும் என்றேன். பொறுமை இழுத்தார், எனக்கு உரிமை இருக்கிறது என்று நின்றேன், கொடுத்தார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று வருடத்துக்கு முன் படித்திருக்க வேண்டியதைப் படித்தேன். நாலு பக்கம். முதல் மூன்றில் அத்தான் பெயர், தொகை, தவணை. நான்காவதில் நான். "கடன்தாரர் செலுத்தத் தவறும் முழுத் தொகையையும், சங்கம் கேட்ட மாத்திரத்தில், நானே செலுத்துவேன்." இன்னார் நல்லவர் என்று அதில் எங்கேயும் இல்லை. அத்தானின் குணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத அந்தப் பக்கத்தில், என் சம்பளம் எவ்வளவு என்பது மட்டும் இரண்டு இடத்தில் இருந்தது.

மூன்றாம் பக்கத்தில் இன்னொரு வரி கண்ணில் பட்டது. "கடனுக்கு ஈடு: அச்சு இயந்திரம் ஒன்று." ஈடாக வைத்த மெஷினை அவர் எப்படி விற்றார்? எழுந்துபோய்க் கேட்டேன். பொறுமையின் முகம் மருந்து கசந்த குழந்தை முகம் மாதிரி ஆனது.

"அது... அவர் பெரிய மெஷின் வாங்கி ஈடு வைக்கிறேன்னார். தெரிஞ்சவர்தானேன்னு..."

"எழுதிக் குடுத்தீங்களா?"

எழுதித்தான் கொடுத்திருந்தார். மூன்று லட்சம் மதிப்புள்ள இயந்திரத்தின் மீது சங்கத்துக்கு இனி உரிமை இல்லை, விற்றுக்கொள்ளலாம் என்று சங்க முத்திரையோடு ஒரு கடிதம். அதற்கும் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று இரண்டு ஆண்பிள்ளைகள் சேர்ந்து தாராளம் காட்டியிருக்கிறார்கள், நெய் என் வீட்டு நெய்.

நகல் கடைக்கு மாடியில் ஒரு பெண் வக்கீல் இருக்கிறார். முகத்தில் சிரிப்பே கிடையாது, அதனாலேயே எனக்குப் பிடித்தது. இரண்டு காகிதத்தையும் வாசித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"ஈட்டை விடுவிக்கும்போது உங்ககிட்ட சம்மதம் கேட்டாங்களா?"

"சொல்லக்கூட இல்ல."

"அப்ப அந்த மெஷின் மதிப்பு அளவுக்கு நீங்க பொறுப்பில்ல. நீங்க முழுசும் கட்டியிருந்தா அந்த மெஷின் மேல சங்கத்துக்கு இருந்த உரிமை உங்க கைக்கு வந்திருக்கும். அதை அவங்க தூக்கிக் குடுத்துட்டாங்க. இந்த மாதிரி உரிமையெல்லாம் விட்டுக்குடுக்கிறேன்னு பாதி ஜாமீன் பாரங்கள்ல ஒரு வரி சேர்த்து வச்சிருப்பாங்க, அப்படி இருந்திருந்தா நீங்க மாட்டிக்கிட்டிருப்பீங்க. இது பழைய பாரம், அந்த வரி இல்ல. உங்க அதிர்ஷ்டம்."

"அப்ப நான் தப்பிச்சேனா?"

"மூணு லட்சத்துக்குத் தப்பிச்சீங்க. மீதி ஒன்றரை லட்சத்துக்கு இல்ல. அதைக் கட்டித்தான் ஆகணும். கட்டின பிறகு அந்தப் பணத்தை உங்க அத்தான் மேல கேஸ் போட்டு வாங்கலாம். வாங்க முடியுமான்னு என்கிட்ட கேக்காதீங்க, அவர்கிட்ட என்ன இருக்குன்னு பாருங்க."

என்ன இருக்கிறது? சோபா இருக்கிறது. காரை அக்கா பெயரில் வாங்கியிருந்தார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

வக்கீல் கடிதம் போன நாலாவது நாளே பொறுமை என்னைக் கூப்பிட்டுவிட்டார். விஷயம் மேலே போனால் தன் வேலைக்கு ஆபத்து என்பது அவருக்குத் தெரியும். ஒன்றரை லட்சத்தைக் கட்டினேன். வீட்டுக்கென்று ஒன்பது வருடம் சேர்த்த நாலு லட்சத்தில் இருந்து எடுத்துக் கட்டினேன். "ஜாமீன்தாரரின் பொறுப்பு முடிந்தது" என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். மீதி மூன்று லட்சத்துக்குச் சங்கமும் அத்தானும் கட்டிப் புரளட்டும். அத்தானுக்கு நானும் ஒரு நோட்டீஸ் அனுப்பினேன். "சொந்த அத்தானைக் கோர்ட்டுக்கு இழுக்கிறவ" என்று உறவு முழுக்க என் புகழ் பரவியது. சொந்த மச்சினி தலையில் கடனை இறக்கியவர் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

சான்றிதழோடு வங்கிக்கு ஓடினேன். கெடுவில் பதினேழு நாள் இருந்தது. அதே சிரிக்கிற அதிகாரி. இந்தத் தடவை சிரிக்கவில்லை, எனக்கு நம்பிக்கை வந்தது.

"கடன் முடிஞ்சது சரி மேடம். ஆனா ஏழு மாசம் நின்ன தடம் ரெக்கார்டுல இருந்து உடனே போகாது. உங்க கைக்காசும் குறைஞ்சிருச்சு. அதனால..." பேனாவால் மேசையைத் தட்டினார். "ஒரு ஜாமீன்தாரர் கொண்டு வாங்க. நிலையான சம்பளக்காரரா. குடுத்திடலாம்."

அவர் கிண்டல் செய்யவில்லை, விதியைச் சொன்னார். அவர் நீட்டிய பாரமும் நாலு பக்கம்.

என் உலகத்தில் நிலையான சம்பளக்காரர் யார்? உறவில் ஒருவரும் என் போனை எடுப்பதில்லை. மிஞ்சியது மருந்தகத்தில் என் பக்கத்து ஜன்னலில் உட்காரும் மனிதர். நாற்பது வயது, அதிகம் பேசாதவர், நான் வைத்த பேர் சில்லறை. ஐம்பது காசு பாக்கி இருந்தாலும் அடுத்த தெரு வரைக்கும் ஓடிக் கொடுத்துவிட்டு வருவார். ஒன்பது வருடமாக அவரை நான் கிண்டல் செய்கிறேன். அவருடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த இருபது நாளும் அவர் வேலையையும் நானே பார்த்தேன். அவர் முடியாது என்று சொல்லவே மாட்டார் என்று நினைத்தேன். வேனில் ஏற்றிக் கொண்டுபோனவர் நினைப்பதற்கும் நான் நினைப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

"சும்மா..." என்று ஆரம்பித்தேன். அந்தச் சொல் என் வாயில் வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். "எனக்கு ஜாமீன் போடணும். வீட்டுக் கடனுக்கு."

"பாரத்தைக் குடுங்க மேடம். வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்."

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தாளோடு வந்தார். வரிசையாகக் கேள்வி எழுதியிருந்தார். மாதத் தவணை எவ்வளவு, அது போக என் கையில் என்ன நிற்கும், எனக்கு ஏதாவது ஆனால் யார் கட்டுவார்கள், எனக்குக் காப்பீடு இருக்கிறதா, நோட்டீஸ் யார் முகவரிக்கு வரும். என் சம்பளச் சீட்டையும் கேட்டார். எனக்குக் கொதித்தது.

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை இருக்கு மேடம். நீங்க ஏமாத்த மாட்டீங்க. இதுல நம்பிக்கை பத்தி எங்கயும் கேக்கலையே." நான்காம் பக்கத்தைப் புரட்டி வைத்தார். "ரெண்டு தடவை படிச்சேன். உங்களால கட்ட முடியலைன்னா நான் பதினஞ்சு வருஷம் கட்டணும். சார் வேற அப்படி இருக்கார். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் அவர்கிட்ட போய் வீட்டை வித்துக் குடுங்கன்னு கேக்கணும். என்னால கேக்க முடியாது. அப்ப நான்தான் கட்டுவேன். என் பொண்ணுங்க ரெண்டு பேர் படிக்கிறாங்க. முடியாது மேடம்."

"இருபது நாள் உங்க ஜன்னலையும் சேர்த்துப் பார்த்தேனே, மறந்துட்டீங்களா?"

சொல்லி முடித்ததும் அத்தானின் குரல் எனக்கே கேட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மறக்கலை மேடம். உங்களுக்கு நான் இருபது நாள் இல்ல, நாப்பது நாள் பார்க்கிறேன். கையெழுத்து வேற."

பாரத்தை மடிப்புக் கலையாமல் என் முன் வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போய் உட்கார்ந்தார். காத்திருந்த கிழவியிடம் மீதிக் காசை எண்ணிக் கொடுத்தார். அந்தக் கணத்தில் அந்த மனிதரை எனக்குக் கொல்லத் தோன்றியது. அவர் சொன்னதில் ஒரு சொல் தப்பு என்று சொல்ல முடியாததுதான் பெரிய எரிச்சல். மூன்று வருடத்துக்கு முன் நான் அத்தானிடம் பேச வேண்டிய வசனத்தை, பேசத் தெரிந்த ஒரே ஆள் பேசிவிட்டார், அதுவும் என்னிடம்.

அதன் பிறகு யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் யாராவது ஒரு ஏமாளி படிக்காமல் போட்டிருப்பார். என் ஆயுளுக்கோ என் வேலைக்கோ நானே பொறுப்புச் சொல்ல முடியாதபோது அந்த ஏமாளியை நான் எப்படி மாட்டிவிடுவது? கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, வீட்டை விலைக்குக் கேட்டு வந்த வேறு ஆளுக்கே கொடுத்துவிடுங்கள் என்றேன். வாங்குகிறவர் தன் மகனைக் குடிவைக்கப் போகிறாராம், ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும்.

இரவு சாப்பிடும்போது என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சில்லறையைத் திட்டித் திட்டிச் சொன்னேன். நான் முடித்ததும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ அவர் இடத்துல இருந்தா போட்டிருப்பியா?"

"மாட்டேன்" என்றேன். பிறகுதான் அழுதேன்.